ஜப்பான் வருகைப் படிவம்: எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ போட்டுவிடலாமா?

கேள்வி: “தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக டோக்கியோ போகிறார்கள், தொண்ணூறு நாள் விசா. ஊர் பாபநாசம் பக்கம். தங்கை அனுப்பிய லிங்க்கைத் திறந்தால் படிவம் முழுக்க ஜப்பானிய மொழி. போனில் தமிழாக்கிப் பார்த்தால் இன்னும் குழப்பம். அப்பா காவிரித் தண்ணீருக்காக மறியல் செய்து கைதானவர். வாலிபத்தில் குவைத்திலிருந்து பொதுமன்னிப்பில் திரும்பியவர். அம்மா பை நிறைய சாமான் கட்டி வைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடலாமா?”

பதில்:

கூடாது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் குடியேற்றப் பகுதியில் உள்ள மூன்று கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்பதே சரியான பதிலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சுங்கப் பகுதியில் உங்கள் அம்மாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ‘ஆம்’ வரும். இரண்டு பகுதியும் ஒரே இணையதளத்தில் அடுத்தடுத்து வருவதால் பலர் ஒரே மூச்சில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று தட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். கும்பகோணத்தில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறவன் நான். பிள்ளைகளைப் பார்க்க ஜப்பான் போகும் பெற்றோர்களின் படிவங்கள் என் கைக்கு வரும்; சிக்கல் எப்போதும் இந்த இடத்தில்தான்.

முதலில் திரையைச் சரிசெய்துகொள்ளுங்கள். தளத்தின் பெயர் Visit Japan Web. ஜப்பான் அரசின் டிஜிட்டல் துறை நடத்துகிறது, கட்டணம் கிடையாது. முகவரி `www.vjw.digital.go.jp`. கடைசியில் `go.jp` என்று முடிகிறதா என்று பாருங்கள். அப்படி முடியாமல், பணமும் கேட்கிற பக்கம் என்றால் அது இடைத்தரகர் பக்கம். உடனே வெளியே வந்துவிடுங்கள். தளத்திலேயே மொழியை மாற்றும் வசதி இருக்கிறது. `日本語` என்று இருப்பதை அழுத்தி `English` என்று மாற்றுங்கள். தமிழ் அதில் இல்லை. மாற்றியதும் போனின் தானியங்கி மொழிபெயர்ப்பை நிறுத்திவிடுங்கள். அது கேள்வியை மட்டும் தமிழாக்குவதில்லை, பொத்தானில் உள்ள எழுத்தையும் பட்டியலில் உள்ள பெயர்களையும் சேர்த்து மாற்றிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே தெரியாமல் போகும். தமிழில் படித்துப் பார்க்க வேண்டுமென்றால் ஆங்கிலப் பக்கத்தைப் படம் பிடித்துத் தனியாக மொழிபெயர்த்துப் படியுங்கள். பதிலை ஆங்கிலப் பக்கத்தில் போடுங்கள். எங்காவது ஜப்பானிய எழுத்தே வந்து நின்றால் `はい` என்பது ஆம், `いいえ` என்பது இல்லை. இந்த இரண்டை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, குடியேற்றக் கேள்விகளுக்கு வருவோம். அவை மூன்றே மூன்று. விமானத்தில் கொடுக்கும் காகித அட்டையிலும் இதே மூன்றுதான்.

முதல் கேள்வி, நாடு கடத்தப்பட்டதுண்டா, உள்ளே நுழைய அனுமதி மறுக்கப்பட்டதுண்டா என்பது. இதைப் படித்ததும் உங்கள் அப்பாவுக்குக் குவைத் ஞாபகம் வந்திருக்கும். ஆங்கில வாசகம், எந்த நாட்டிலிருந்து கடத்தப்பட்டாலும் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி படிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் அட்டையில் உள்ள ஜப்பானிய வாசகம் `日本での` என்று தொடங்குகிறது. ‘ஜப்பானில்’ என்று பொருள். அது நாடு கடத்தல், நுழைவு மறுப்பு இரண்டுக்கும் சேர்த்தே நிற்கிறது. அதாவது ஜப்பான் உங்களை வெளியே அனுப்பியதா, ஜப்பான் விமான நிலையத்தில் உங்களைத் திருப்பி அனுப்பினார்களா என்பதே கேள்வி. இதற்கு முன் ஜப்பான் போகாத ஒருவருக்கு இதில் ‘ஆம்’ என்று சொல்ல எதுவும் இல்லை. முன்பு ஒரு தடவை விசா கேட்டுக் கிடைக்காமல் போயிருந்தாலும் அது இதில் சேராது. விசா மறுப்பு தூதரகத்தில் நடப்பது. இங்கே கேட்பது வாசலில் வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி.

இத்தோடு குவைத் கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜப்பான் விசாவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் கடைசிப் பகுதியிலும் இதே போன்ற கேள்விகள் இருந்தன. அங்கே வாசகம் அகலமானது: ஜப்பானிலிருந்தோ வேறு எந்த நாட்டிலிருந்தோ, விசா காலம் தாண்டித் தங்கியதற்காக அல்லது சட்டத்தை மீறியதற்காக வெளியேற்றப்பட்டதுண்டா என்று கேட்கும். அதில் என்ன குறித்தீர்கள் என்று நகலை எடுத்துப் பாருங்கள். பொதுமன்னிப்புக் காலத்தில் தானாக வந்து பதிவு செய்து, அபராதம் இல்லாமல் டிக்கெட் எடுத்துத் திரும்புவது ஒரு வகை. பிடிபட்டு, விரல்ரேகை எடுத்து, வெளியேற்ற உத்தரவின் பேரில் ஏற்றி அனுப்பப்படுவது வேறு வகை. நம் பக்கம் இரண்டையுமே ‘மன்னிப்பில் வந்தார்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது வழக்கம். அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: தூதரகத்துக்குப் போய் நீங்களே பேர் கொடுத்தீர்களா, போலீஸ் பிடித்ததா, திரும்பப் போகத் தடை என்று சொன்னார்களா? அன்றைய பாஸ்போர்ட்டோ அவுட்பாஸோ வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவின் பேரில் அனுப்பப்பட்டவர் என்று தெரியவந்து, விசா விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று போட்டிருந்தால், வருகைப் படிவத்தை நிரப்பும் முன் விசா வாங்கிய வழியாகவே போய் அதைச் சொல்லித் தெளிவுபடுத்த வேண்டும். டோக்கியோ கவுண்டரில் நின்றுகொண்டு பேசுகிற விஷயம் அல்ல அது.

இரண்டாவது கேள்வி, குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா என்பது. இதில் எல்லை அகலம். ‘ஜப்பானில் மட்டும் அல்ல’ என்று அடைப்புக்குள் சொல்லியிருப்பார்கள். எப்போது நடந்தது என்பதற்கும் வரம்பு இல்லை; நாற்பது வருடம் முன்பு நடந்ததும் சேரும். ஆனால் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான்: நீதிமன்றம் ‘குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொன்னதா? கைதானீர்களா என்று கேட்கவில்லை. வழக்கு இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

மறியல் விஷயத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். டெல்டாவில் மறியலுக்குப் போன விவசாயிக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்: சாலையிலோ ரயிலடியிலோ உட்கார்ந்தவர்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள், பேர் எழுதுவார்கள், மதியம் சாப்பாடு போடுவார்கள், சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். இது கைது, தண்டனை அல்ல. பதில் ‘இல்லை’. அடுத்த நிலை, முதல் தகவல் அறிக்கை போட்டு வழக்கு நீதிமன்றம் வரை போயிருப்பது. அது இன்னும் நடந்துகொண்டிருந்தாலும், அரசு திரும்பப் பெற்றிருந்தாலும், விடுதலை ஆகியிருந்தாலும் பதில் ‘இல்லை’தான், ஏனென்றால் தீர்ப்பில் குற்றவாளி என்று வரவில்லை.

பலர் கவனிக்காமல் விடும் நிலை ஒன்று இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அலைய முடியாமல், “ஒத்துக்கொண்டு ஃபைனைக் கட்டிட்டுப் போங்க, முடிஞ்சுது” என்று வக்கீல் சொல்ல, நீதிபதி முன் ‘ஆமாம்’ என்று சொல்லி, அபராதம் கட்டி ரசீது வாங்கி வந்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து ‘கேஸ் முடிந்துவிட்டது’ என்று சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் அது குற்றவாளி என்ற தீர்ப்பு. அப்படி நடந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் ‘ஆம்’. குடித்துவிட்டு வண்டி ஓட்டி நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவருக்கும் இதே கணக்குதான். ஹெல்மெட் போடாததற்கு ரோட்டிலேயே போலீஸ்காரரிடம் கட்டிய அபராதம் இதில் வராது. அங்கே நீதிமன்றமும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

அப்பாவுக்குச் சரியாக ஞாபகம் இல்லையென்றால் ஊகித்துப் போடாதீர்கள். `services.ecourts.gov.in` தளத்தில் மாவட்டம், நீதிமன்றம், அப்பாவின் பெயர் கொடுத்துத் தேடலாம். வழக்கு முடிந்திருந்தால் எப்படி முடிந்தது என்பதும் அதில் இருக்கும். பழைய வழக்குகள் எல்லாம் அதில் ஏறியிருக்காது. அப்போது கூடக் கைதான சங்கத்துக்காரர்களிடமோ அன்றைக்கு ஆஜரான வக்கீலிடமோ கேட்டால் தெரிந்துவிடும். ஒரே வழக்கில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள், ஒருவரிடமாவது தீர்ப்பு நகல் இருக்கும்.

‘ஆம்’ என்று போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் குடியேற்றச் சட்டம் ஐந்தாவது பிரிவில் யாரை உள்ளே விடக் கூடாது என்று வகுத்திருக்கிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள் அதில் வருகிறார்கள். அதில் அரசியல் குற்றங்களுக்கு விலக்கு உண்டு. போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுக்குத் தண்டனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தடைதான். மறியலில் சில நூறு ரூபாய் அபராதம் என்பது இந்த வகையில் எதிலும் விழவில்லை. ‘ஆம்’ என்று போட்டு, தீர்ப்பு நகலையும் ஆங்கிலத்தில் நாலு வரி விளக்கத்தையும் கையில் வைத்திருந்தால், தனியறையில் உட்காரவைத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இருந்ததை இல்லை என்று சொன்னால் பேச்சு மறியலை விட்டுவிட்டுப் பொய்க்குப் போய்விடும். அந்தப் பொய் அடுத்தடுத்த விசாக்களிலும் நிற்கும். தங்கை அங்கேயே இருக்கப் போகிறவர், அப்பா அம்மா இன்னும் பல தடவை போக வேண்டியவர்கள்.

மூன்றாவது கேள்வி, போதைப்பொருள், துப்பாக்கி, வாள் வகை, வெடிமருந்து இப்போது கையில் இருக்கிறதா என்பது. இது இன்றைய பையைப் பற்றிய கேள்வி. அம்மா மகளுக்காக அரிவாள்மனை கட்டி வைத்திருந்தால் பதறாதீர்கள். சமையல் கருவி வாள் வகையில் சேராது. அதைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டும், அது விமானப் பாதுகாப்பு விதி. மருந்துகளில் மட்டும் கவனம் தேவை. சளி மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் அது இருக்கும் மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் அளவைப் பொறுத்துப் போதைப்பொருள் பட்டியலில் விழும். இந்த இரண்டும் வேண்டாம் என்று எடுத்து வைத்துவிடுங்கள். சளிக்கு அங்கேயே மருந்து கிடைக்கும்.

இனி சுங்கப் பகுதி. அம்மாவின் பையைத் திறந்து தரையில் பரப்பி வைத்துக்கொண்டு இதை நிரப்புங்கள். ஞாபகத்திலிருந்து நிரப்பினால் ஒன்றிரண்டு கட்டாயம் விட்டுப்போகும்.

தடை செய்யப்பட்ட பொருள் இருக்கிறதா என்று ஒரு கேள்வியும், கட்டுப்படுத்தப்பட்ட பொருள் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியும் வரும். முதல் கேள்வியில் போதைப்பொருள், துப்பாக்கி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இரண்டுக்குமே ‘இல்லை’ போட்டுவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் ஒரு நீளமான பட்டியல் இருக்கிறது. அதில் இறைச்சி, காய்கறி, பழம், அரிசி எல்லாம் வருகின்றன. ஆமாம், அரிசி. நம்மூரில் மகளுக்குப் பத்தியச் சாப்பாட்டுக்கென்று நல்ல பொன்னியோ மாப்பிள்ளைச் சம்பாவோ நாலு கிலோ கட்டாமல் எந்த அம்மாவும் கிளம்ப மாட்டார். அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஜப்பான் இந்த விதியை இறுக்கி, பயணி கையில் கொண்டுவரும் விளைபொருளுக்கும் புறப்படும் நாட்டு அரசு தரும் பயிர்நலச் சான்று வேண்டும் என்கிறது. அது இல்லாத அரிசி, கறிவேப்பிலை, வெற்றிலை, முருங்கைக்காய், வாழைக்காய் எல்லாவற்றையும் அங்கே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாம்பழம், வாழைப்பழம் போன்றவற்றுக்குப் பழ ஈ காரணமாகக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. நான் சொல்வது, அரிசியையும் பச்சைச் சாமான்களையும் பாபநாசத்திலேயே விட்டுவிடுங்கள். டோக்கியோவில் இந்தியக் கடைகள் இருக்கின்றன.

எண்ணெயும் உப்புமாக ஊறிய மாவடு, எலுமிச்சை ஊறுகாய்க்குத் தடை இல்லை. கடையில் வாங்கி உறை பிரிக்காத மசாலாப் பொடிகளுக்கும் பரிசோதனை தேவையில்லை. கருவாடு இறைச்சிப் பட்டியலில் வராது. ஆனால் மொட்டை மாடியில் காயவைத்த மிளகாய், சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், துணியில் முடிந்த பருப்பு இவையெல்லாம் பயிர்ப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டிய வகை. அவை பையில் இருந்தால் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ போடுங்கள். பெட்டி எடுக்கும் இடத்தில், சுங்கத்துக்கு முன்பாகவே பயிர்ப் பரிசோதனைக் கவுண்டர் இருக்கும். அங்கே காட்டினால் பார்த்து முடிவு சொல்வார்கள். பரிசோதனைக்குப் பணம் வாங்குவதில்லை. கூடாது என்றால் சாமானைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘இல்லை’ போட்டுவிட்டு மோப்ப நாயிடம் சிக்கினால்தான் அது குற்றமாக மாறும்.

இதே கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். தொண்ணூறு நாள் தங்கப் போகிறவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மூன்று மாதத்துக்குத்தானே வாங்கி வைத்திருப்பார்கள்? மருத்துவர் சீட்டின் பேரில் வாங்கும் மருந்தை ஒரு மாத அளவுக்கு மேல் சும்மா கொண்டுபோக முடியாது. அதற்கு மேல் என்றால் ‘யுன்யூ காகுனின்ஷோ’ என்ற இறக்குமதி உறுதிச் சான்று முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. மருத்துவர் சீட்டு, மருந்தின் பெயர், அளவு, பயண விவரம் கேட்பார்கள். கேட்டதற்குத் திருத்தம் செய்து திருப்பி அனுப்பும்படி வரும் என்பதால், புறப்படச் சில வாரங்கள் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள். படிவத்தைத் தங்கை அங்கிருந்து பார்த்துக்கொடுத்தால் ஜப்பானிய மொழியில் வரும் பதில்களைச் சமாளிப்பது எளிது. இன்சுலின் போடுகிறவர் என்றால் ஊசியோடு வரும் மருந்துக்கும் அதே ஒரு மாத வரம்புதான். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் மருந்துக்கு வரம்பு இரண்டு மாத அளவு. பிரசவ லேகியம் கொண்டுபோவதானால் வீட்டில் கிளறியதை டப்பாவில் போட்டுக் கொடுக்காமல், பெயரும் சேர்மானமும் அச்சிட்ட கடை டப்பாவாக வாங்குங்கள். பெயர் இல்லாத கறுப்புக் களிம்பைப் பார்த்து அது என்னவென்று அதிகாரியால் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது தங்கம். ‘தங்கக் கட்டி அல்லது தங்கத்தால் ஆன பொருள்’ இருக்கிறதா என்று தனியாகவே கேட்பார்கள். இத்தனை கிராமுக்கு மேல் என்று அந்தக் கேள்வியில் எந்த வரம்பும் இல்லை. உங்கள் அம்மா கழுத்தில் தாலிச் சங்கிலி, கையில் வளையல், பையில் பேரக் குழந்தைக்கு மோதிரமோ சங்கிலியோ இருக்கும். என் கருத்து, ‘ஆம்’ என்றே போடுங்கள். பிறகு அதிகாரியிடம் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். போட்டிருப்பது சொந்த நகை, திரும்பும்போது உடன் எடுத்துப் போவது. பயணத்தில் தான் பயன்படுத்தும் பொருளுக்கு வரி இல்லை. குழந்தைக்குக் கொடுப்பது அங்கேயே தங்கிவிடும் பொருள், அதனால் அது பரிசுக் கணக்கில் வரும்.

பரிசுக் கணக்குக்கும் ஒரு கேள்வி உண்டு. பெரியவர் ஒருவருக்கு இரண்டு லட்சம் யென் மதிப்பு வரை வரி கிடையாது. நம் பணத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் வரும். அன்றைய மாற்று விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வகைச் சாமானின் மொத்தம் பத்தாயிரம் யென்னுக்குள் இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே பலகாரம் பிரச்சினை இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் திருபுவனம் பட்டு, குழந்தைக்கு ஒரு பவுன் சங்கிலி என்று சேரும்போது கூட்டிப் பாருங்கள். பவுன் விற்கிற விலைக்கு ஒரு சங்கிலியே வரம்பைத் தொட்டுவிடும். தனி ஒரு பொருளே இரண்டு லட்சம் யென்னைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, அதன் முழு மதிப்புக்கும் வரி. கடை ரசீதைக் கையில் வைத்திருந்தால் மதிப்பில் தகராறு வராது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனி வரம்பு என்பதால் இருவர் பைகளிலும் பிரித்து வையுங்கள்.

பிறகு வரும் ஒரு கேள்வியில்தான் நம் பக்கத்துப் பழக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வேறு யாராவது கொடுத்தனுப்பிய சாமான் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஜப்பான் போகிறார்கள் என்று தெரிந்தால் தெருவில் யாராவது ஒருவர் வந்து, “எங்க பையனும் அங்கதான் இருக்கான், இந்தப் பொட்டலத்தை மட்டும் போட்டுக்குங்க அக்கா” என்று கொடுத்துவிடுவார். அம்மாவால் மறுக்க முடியாது. அப்படி ஒன்று பையில் இருந்தால் பதில் ‘ஆம்’, உள்ளே இருப்பது வெறும் முறுக்காக இருந்தாலும். கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிக்கொண்டு, திரும்பக் கட்டுங்கள். மாத்திரையோ பெயர் தெரியாத பொடியோ இருந்தால் வாங்கவே வேண்டாம். பையில் என்ன இருக்கிறதோ அதற்குப் பொறுப்பு பையைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்தான். பாபநாசத்தில் இருப்பவரை அங்கே கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.

வியாபாரச் சரக்கு, சாம்பிள் பற்றிய கேள்வியும், பத்து லட்சம் யென்னுக்கு மேல் ரொக்கமோ பத்திரமோ இருக்கிறதா என்ற கேள்வியும் உங்கள் அப்பா அம்மாவுக்கு ‘இல்லை’யாகத்தான் இருக்கும். தனியாக வரும் சாமான் உண்டா என்பது, கூரியரிலோ கப்பலிலோ பெட்டி ஏதும் பின்னால் வருகிறதா என்ற கேள்வி. அப்படி அனுப்பியிருந்தால் காகிதப் படிவம் இரண்டு பிரதி எழுத வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அம்மாவிடம் மின்னஞ்சல் இல்லையென்றால் அப்பாவின் கணக்கிலேயே உடன் வரும் குடும்பத்தினராகச் சேர்க்கலாம். சிங்கப்பூரில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மட்டும் மாறுவதானால் அந்த நாட்டு வருகை அட்டை தேவையில்லை. இந்தப் படிவமும் ஆன்லைனில் கட்டாயம் கிடையாது. விமானத்திலும் இறங்குமிடத்திலும் காகிதம் கிடைக்கும். ஆனால் நள்ளிரவு விமானத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவதைவிட, வீட்டில் நிதானமாக நிரப்பி QR படத்தோடு போவது நல்லது.

நிரப்பி முடித்ததும் கேள்விகளையும் நீங்கள் போட்ட பதில்களையும் ஆங்கிலத்திலேயே அச்சடித்து, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் ஒரு வரி எழுதி அப்பாவிடம் கொடுங்கள். அதிகாரி அதே கேள்வியை வாயால் கேட்கும்போது திரையில் ‘ஆம்’ என்று இருப்பதற்கு அப்பா தலையை ஆட்டி ‘நோ’ என்றுவிடக் கூடாது. ‘ஆம்’ போட்ட சாமான்களின் பட்டியலை ஆங்கிலத்தில் தனித் தாளில் எழுதி, மருந்துச் சீட்டு, நகை ரசீது, உறுதிச் சான்றின் நகல் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டிக்குள் போய்விட வேண்டாம். படிவம் அனுப்பிய பிறகு கடைசி நேரத்தில் யாராவது வந்து பொட்டலம் கொடுத்தால், திருச்சியில் ஏறும் முன் உள்ளே போய் அந்தப் பதிலைத் திருத்திவிடுங்கள். திருத்த நேரம் இல்லையென்றால் அங்கே சுங்க அதிகாரி பையைத் திறக்கச் சொல்லும் முன்பே, பட்டியல் தாளில் கையால் அதை எழுதி அம்மா நீட்டிவிட வேண்டும்.